உதடு நீலம், ரத்தம் சாக்லேட் நிறம், மூச்சு மட்டும் சீர்: மெத்ஹீமோகுளோபினீமியாவில் நடக்கும் தவறுகள்

கத்தரி, மிளகாய்த் தோட்டங்களில் பூ நன்றாகப் பிடிக்கட்டும் என்று நைட்ரோபென்சீன் கலந்த மருந்து அடிப்பார்கள். மீந்ததைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள், வெயிலில் வந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் பார்க்காமல் எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பாதியைத் துப்பிவிட்டார், பாதி உள்ளே போய்விட்டது. உடனே ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அவர் மனைவிதான் உதட்டைப் பார்த்துப் பதறுகிறார், மை பூசினாற்போல் இருக்கிறது. அவரோ லேசாகத் தலை வலிக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறார். ஆஸ்பத்திரிக்கு நடந்தே வருகிறார், பேசுகிறார், மூச்சு வாங்கவில்லை. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினால் 85.

இந்த இடத்திலிருந்துதான் தவறுகள் வரிசையாக ஆரம்பிக்கும்.

உதடு நீலமாக இருந்தால் நுரையீரலோ இதயமோதான் காரணம் என்று முடிவுகட்டி அங்கேயே தேடுவது முதல் தவறு. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, எக்ஸ்ரேயும் சரி, ஈசிஜியில் துடிப்பு கொஞ்சம் வேகம் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. இவருக்கு நுரையீரல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது, கோளாறு ரத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு வழக்கமாக ஆக்சிஜனைப் பிடித்து விடுவதற்கு ஏற்ற நிலையில் இருக்கும். நைட்ரோபென்சீன் போன்ற பொருள்களும் உடலுக்குள் அவை மாறி உண்டாகும் துணைப் பொருள்களும் அந்த இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகின்றன. அப்படி மாறியதுதான் மெத்ஹீமோகுளோபின். அதால் ஆக்சிஜனைப் பிடிக்கவே முடியாது. அதோடு நிற்பதில்லை, பக்கத்தில் மாறாமல் இருக்கும் இரும்பும் பிடித்த ஆக்சிஜனைத் திசுக்களுக்கு விட்டுக்கொடுக்க மறுக்கிறது. பஸ்ஸில் பாதி சீட் உடைந்து கிடக்க, மீதி சீட்டில் உட்கார்ந்தவர்களும் ஸ்டாப்பிங் வந்தும் இறங்காமல் இருந்தால் எப்படியோ அப்படி. அதனால்தான் 40 சதவீத மெத்ஹீமோகுளோபின் என்பது 40 சதவீத ரத்தசோகையைவிட மோசம்.

நன்றாக இருக்கும் நம் எல்லோருடைய உடலிலும் இது தினமும் கொஞ்சம் உண்டாகிறது. சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் என்ற நொதி அதை உடனுக்குடன் திருத்திவிடுவதால் 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. உண்டாகும் வேகம் திருத்தும் வேகத்தை மிஞ்சும்போதுதான் மெத்ஹீமோகுளோபினீமியா என்ற தொல்லை.

ஆள் இவ்வளவு நீலமாக இருந்தும் எப்படி இயல்பாகப் பேசுகிறார்? சாதாரணமாக ஆக்சிஜன் குறைந்து நீலம் தெரிய வேண்டுமென்றால் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 5 கிராம் ஹீமோகுளோபின் ஆக்சிஜன் இல்லாமல் இருக்க வேண்டும். மெத்ஹீமோகுளோபின் என்றால் 1.5 கிராமே போதும், நிறம் அவ்வளவு அழுத்தம். ஹீமோகுளோபின் 14 உள்ளவருக்கு இது பத்து சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவுதான். ஆகவே நிறம் முதலில் வரும், தொந்தரவு பின்னால் வரும். 20, 30 சதவீதத்தைத் தொடும்போது தலைவலி, படபடப்பு, களைப்பு. 50ஐத் தாண்டினால் வலிப்பு, மயக்கம், இதயத் துடிப்பில் தடுமாற்றம். 70க்கு மேல் பெரும்பாலும் உயிர் தங்காது. ரத்தசோகை உள்ளவர்களிடம் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஹீமோகுளோபின் 7 மட்டுமே உள்ள பெண்ணுக்கு அந்த 1.5 கிராம் சேர்வதற்குள்ளேயே 20 சதவீதம் தாண்டியிருக்கும், நீலம் தாமதமாகத் தெரியும், தொந்தரவோ முன்னாடியே வந்துவிடும். நம் தோல் நிறத்தில் கன்னத்தைப் பார்த்துப் பயனில்லை, உதட்டின் உட்புறம், நாக்கு, நகக்கண் இவற்றைப் பாருங்கள்.

அடுத்தது ஆக்சிமீட்டரை நம்புவது. கோவிட் காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இந்தக் கருவி இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அது இரண்டு ஒளியை விரல் வழியாக அனுப்புகிறது, ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொன்று 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. எது எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்ற விகிதத்தை வைத்து SpO2 எண்ணைக் காட்டுகிறது. மெத்ஹீமோகுளோபின் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவு உறிஞ்சும். விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்று வந்தால் கருவியின் கணக்கில் அது 85. அதனால் 35 சதவீதம் இருந்தாலும் 60 சதவீதம் இருந்தாலும் திரையில் 85ஐ ஒட்டியே நிற்கும். 85தானே, அவ்வளவு மோசமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே நிலைமை முற்றிக்கொண்டிருக்கலாம். முழு ஆக்சிஜன் மாஸ்க் போட்டும் 86, 87க்கு மேல் ஏறவில்லை, ஆளும் மூச்சுத் திணறவில்லை என்றால் அந்த எண்ணே ஒரு துப்பு.

மூன்றாவது தவறு டாக்டர்கள் செய்வது. தமனி ரத்தத்தை எடுத்து ஏபிஜி பார்ப்பார்கள், ஆக்சிஜன் அழுத்தம் 280, செறிவு 99 சதவீதம் என்று ரிப்போர்ட் வரும். எல்லாம் சரி, ஆக்சிமீட்டர்தான் பழுது என்று கருவியை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பல இயந்திரங்கள் அந்த 99ஐ அளப்பதே இல்லை, ரத்தத்தில் கரைந்த ஆக்சிஜனின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. கரைந்த ஆக்சிஜனுக்குக் குறைவே இல்லையே, அதனால் கணக்கு அழகாக வரும். விரலில் 86, காகிதத்தில் 99 என்று இடைவெளி விழுந்தால் அதுதான் நோயின் கையெழுத்து. கோ-ஆக்சிமெட்ரி வசதி உள்ள இயந்திரத்தில்தான் மெத்ஹீமோகுளோபின் சதவீதம் நேரடியாகத் தெரியும். நம்மவருக்கு அது 42 என்று வருகிறது.

அந்த இயந்திரம் இல்லாத ஊரில்? எடுத்த ரத்தத்தைக் கண்ணால் பாருங்கள். சிரிஞ்சில் இருப்பது கறுப்பாக இருக்கிறது, சிரை ரத்தம் வந்துவிட்டது போல என்று தூக்கிப்போட்டு மறுபடி குத்துவது நிறைய நடக்கிறது. ஒரு துளியை வெள்ளை வடிதாளிலோ காஸ் துணியிலோ விட்டு, பக்கத்திலேயே நன்றாக இருக்கும் ஒருவரின் துளியையும் விட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் போதும். சாதாரண சிரை ரத்தம் காற்றுப் பட்டதும் சிவக்கும். மெத்ஹீமோகுளோபின் நிறைந்த ரத்தம் சாக்லேட் பழுப்பாகவே கிடக்கும். செலவே இல்லாத சோதனை, ஆனால் பத்து சதவீதத்துக்குக் கீழே கண்ணுக்குப் பிடிபடாது, அளவும் சொல்லாது.

அப்புறம் கேள்வி கேட்காமல் விடுவது. 1944இல் நியூயார்க்கில் ஒரே கடையில் ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்ட பதினோரு பேர் நீலமாகி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது முதலில் வாயு விஷம் என்றுதான் நினைத்தார்கள். உப்புக்குப் பதிலாக சோடியம் நைட்ரைட் சேர்ந்திருந்தது விசாரித்த பிறகே தெரிந்தது. இங்கே கேட்க வேண்டியவை வேறு: தோட்டத்தில் என்ன அடித்தீர்கள், தோல் நோய்க்கோ தொழுநோய்க்கோ டாப்சோன் மாத்திரை போடுகிறீர்களா, எண்டோஸ்கோப்பிக்கோ பல் வைத்தியத்துக்கோ மரத்துப்போக ஸ்ப்ரே அடித்தார்களா. இலங்கையில் என்றால் முன்பு வயலில் களைக்கு அடித்துவந்த புரோபனில். மூன்று நான்கு மாதக் கைக்குழந்தை நீலமாக இருந்தால் பால் பவுடர் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் கரைக்கப்பட்டது என்று கேளுங்கள், ஏனென்றால் அந்த வயதில் திருத்தும் நொதி பாதியளவுதான் இருக்கும், யாழ்ப்பாணத்து வலிகாமம் போல உரம் அதிகம் போடும் பகுதிகளில் கிணற்றில் நைட்ரேட் சேர்ந்துவிடுகிறது. கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம் என்பார்கள். கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே நின்று இன்னும் செறிவாகும்.

வீட்டில் நடக்கும் பெரிய தவறு வாந்தி எடுக்க வைப்பது. உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சில ஊர்களில் சாணிக் கரைசல்கூட. இந்த மருந்துகள் கரைப்பானோடு கலந்து வருபவை, வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் அதுவரை சுத்தமாக இருந்த நுரையீரலும் கெட்டுப்போகும். செய்ய வேண்டியது இரண்டே: மருந்து பட்ட சட்டையைக் கழற்றித் தோலை சோப்புப் போட்டுக் கழுவுவது, ஏனென்றால் நைட்ரோபென்சீன் தோல் வழியாகவும் ஏறும், பாட்டிலை லேபிளோடு கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது.

சரி, மருந்துக்கு வருவோம். மாற்று மருந்து மெத்திலீன் புளூ. தொந்தரவு இருந்தால் 20 சதவீதத்துக்கு மேல், இல்லாவிட்டால் 30க்கு மேல் கொடுப்பது வழக்கம். ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 2 மில்லிகிராம், சிரை வழியாக, ஐந்து நிமிடத்தில் மெதுவாக. நம்மவர் 60 கிலோ, கிலோவுக்கு 1.5 என்று வைத்தால் 90 மில்லிகிராம், அதாவது ஒரு சதவீதக் கரைசலில் 9 மில்லி. ஒரு மணி நேரத்தில் உதடு தெளிந்து அளவு 14க்கு இறங்குகிறது. ஊசி ஏறிய சில நிமிடங்களில் ஆக்சிமீட்டர் திடீரென்று 70க்கோ அதற்கும் கீழோ விழுந்தால் பதறி இன்னொரு டோஸ் போட்டுவிடக் கூடாது, அந்த நீலச்சாயமே சிவப்பு ஒளியைக் குடித்துக் கருவியை ஏமாற்றுகிறது. சிறுநீர் பச்சை நீலமாகப் போவதும் அதனால்தான். குறையவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போவதுதான் ஆபத்து, மொத்தம் கிலோவுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டினால் இதே மருந்தே மெத்ஹீமோகுளோபினை உண்டாக்கும், சிவப்பணுக்களை உடைக்கும்.

இந்த மருந்து வேலை செய்ய ஜி6பிடி என்ற நொதி வேண்டும். அது பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ஊசி பலிக்காது, சிவப்பணுக்கள் உடைந்து நிலைமை மோசமாகும். சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க நேரமில்லாதபோது ஒரு கேள்வியாவது கேட்கலாம்: முன்பு மலேரியா மாத்திரையோ சல்ஃபா மாத்திரையோ சாப்பிட்டு மஞ்சள் காமாலையும் காப்பி நிறச் சிறுநீரும் வந்ததுண்டா? ஆம் என்றால் வைட்டமின் சி ஊசி, ரத்தமாற்று என்று வேறு வழி பார்ப்பார்கள். மன அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லிவிட வேண்டும், செரோடோனினைக் கூட்டும் வகையாக இருந்தால் மெத்திலீன் புளூவோடு மோதும்.

கடைசித் தவறு, உதடு சிவந்துவிட்டதே என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்புவது, அல்லது வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போவது. நைட்ரோபென்சீன் கொழுப்பில் போய்த் தங்கி மெல்ல மெல்ல வெளியே வரும், டாப்சோனும் குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே சுற்றிக்கொண்டு உடலில் நாள்கணக்கில் இருக்கும். நம்மவருக்கு மறுநாள் விடியற்காலை அளவு மறுபடி 30ஐத் தொடுகிறது, இன்னொரு டோஸ் போட வேண்டியிருக்கிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, ஊசி இல்லாமலே அளவு இறங்கி நிற்கிறது என்று உறுதியான பிறகுதான் அனுப்ப வேண்டும். சிவப்பணு உடைவது சில நாள் கழித்தும் தலைகாட்டும் என்பதால், வீட்டுக்குப் போன பின் கண் மஞ்சளாவதையோ சிறுநீர் கறுப்பதையோ கண்டால் அன்றே திரும்பி வந்து ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள்.