ரிட்டர்ன் அனுப்பியாச்சு, பணம் வரவில்லை: புகாருக்கு முன் பார்க்க வேண்டியவை

ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பவர்கள் செய்யும் முதல் தவறு, நாள் எண்ணத் தொடங்கும் இடம்தான். கூரியர்காரர் வீட்டுக்கு வந்து பொட்டலத்தை வாங்கிப் போன நாளிலிருந்து எண்ணுகிறோம். ஆனால் ‘5 முதல் 7 வேலை நாட்கள்’ என்று கடை சொல்வது பெரும்பாலும் அந்த நாளிலிருந்து அல்ல.

போன வருடம் என் அக்காவுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். 1,849 ரூபாய்க்கு டெபிட் கார்டில் ஒரு சுடிதார் செட் வாங்கினாள். அளவு சரியில்லை என்று ரிட்டர்ன் போட்டாள். 2025 ஜூலை 29 அன்று வந்து எடுத்துப் போனார்கள். ஆகஸ்ட் 8 அன்று, “பத்து நாள் ஆச்சுடா, ஏமாத்திட்டாங்க” என்று எனக்கு போன். அதற்குள் கடைக்கு மூன்று புகார், வங்கிக்கு இரண்டு போன் போட்டிருந்தாள். வங்கியில், எங்களுக்கு எதுவும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆர்டர் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். Picked Up என்பதற்குக் கீழே வரிசையாகத் தேதிகள் இருந்தன. பொட்டலம் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது ஆகஸ்ட் 4. துணியைப் பிரித்துப் பார்த்து, டேக் இருக்கிறதா, உடுத்திய அடையாளம் இருக்கிறதா என்று சோதித்து முடித்து, Refund Initiated என்று காட்டியது ஆகஸ்ட் 6. கடை சொன்ன 7 வேலை நாட்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இப்போது எண்ணிப் பாருங்கள். 7, 8 இரண்டு நாள். 9 இரண்டாம் சனிக்கிழமை, வங்கி இல்லை. 10 ஞாயிறு. 11 முதல் 14 வரை நான்கு நாள், ஆக ஆறு. 15 சுதந்திர தினம், 16 கிருஷ்ண ஜெயந்தி விடுமுறை, 17 ஞாயிறு. ஏழாவது வேலை நாள் ஆகஸ்ட் 18, திங்கள். அக்கா கோபப்பட்ட அன்று அவளுடைய கெடுவில் இரண்டு நாள்தான் கழிந்திருந்தது. சில கடைகள் பொருளை எடுத்த அன்றே பணத்தை விடுவிப்பதும் உண்டு. அதனால் பொதுக் கணக்கை நம்பாமல், உங்கள் ஆர்டர் பக்கத்தில் என்ன தேதி இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலைகளைப் பார்ப்பது பொறுமையாக இருப்பதற்காக மட்டுமல்ல, யாரிடம் கேட்பது என்று தெரிவதற்காகவும்தான். பொட்டலம் வழியிலேயே ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்தால் கேட்க வேண்டியது கடையிடம். எடுத்துப் போனதற்கான மெசேஜ், ரிட்டர்ன் எண், ஒப்படைக்கும்போது எடுத்த போட்டோ ஆகியவைதான் அப்போது கைகொடுக்கும். சோதனையில் நிராகரித்துவிட்டார்கள் என்றால் அது தாமதமே அல்ல, வேறு வழக்கு. அங்கே நாள் எண்ணிக் காத்திருந்தால் பொருள் நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். பணம் விடுவிக்கப்பட்டுக் கெடுவும் தாண்டிய பிறகுதான் வங்கியின் கதவைத் தட்ட வேண்டும்.

அடுத்த தவறு, பணத்தைத் தவறான இடத்தில் தேடுவது. வழக்கமாக ரீஃபண்ட் பணம் கட்டிய வழியாகவே திரும்பும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் சேமிப்புக் கணக்கில் எத்தனை முறை பார்த்தாலும் தெரியாது, கார்டு ஸ்டேட்மென்ட்டில் வரவாக இருக்கும். பொருள் வந்ததும் ரொக்கம் கொடுத்திருந்தால், ரிட்டர்ன் போடும்போது நீங்கள் கொடுத்த கணக்குக்குப் போகும். அந்த எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘உடனடி ரீஃபண்ட்’ என்ற பொத்தானை அவசரத்தில் தொட்டவர்களுக்குப் பணம் அந்தக் கடையின் வாலட்டிலேயே போய் உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

வங்கிக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகிறார்கள். ஆர்டர் எண்ணைச் சொல்கிறார்கள். அது கடையின் எண், வங்கிக்கு அதில் ஒன்றும் புரியாது. கடையிடம் கேட்டு வாங்க வேண்டியது வேறு. கார்டு என்றால் ஏஆர்என் எனப்படும் 23 இலக்க எண். யுபிஐ என்றால் ஆர்ஆர்என் எனப்படும் 12 இலக்க எண். கடை பணத்தை உண்மையிலேயே அனுப்பியிருந்தால் இந்த எண் அவர்களிடம் இருக்கும். எண்ணைத் தராமல் “இனிஷியேட் பண்ணியாச்சு” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தால், பணம் இன்னும் அவர்கள் பக்கத்தைத் தாண்டவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறதே என்று பலர் சண்டை போடுகிறார்கள். 2019 செப்டம்பரில் வந்த அந்தச் சுற்றறிக்கை தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்கானது. உங்கள் கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதி போய்ச் சேராமல் நின்றுவிட்டால் அது பொருந்தும். ரிட்டர்ன் விஷயத்தில் நீங்கள் கட்டிய பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, பிறகுதான் திரும்பக் கேட்கிறீர்கள். புகாரில் இந்த விதியை எழுதினால் நியாயமான பகுதியும் சேர்ந்து பலவீனமாகிவிடும்.

உங்களுக்கு உண்மையில் உதவுவது 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். அதன்படி ஆன்லைன் கடை குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் தினமும் ஒரு புதுப் புகார் திறப்பதைவிட, அந்த அலுவலருக்குத் தேதிகளோடு ஒரே மின்னஞ்சல் எழுதி, தொடர்வதையும் அதே இழையில் தொடர்வது நல்லது. அதிலும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வங்கியின் பக்கம்தான் தாமதம் என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கடையின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். பணம் வராத பதற்றத்தில் இருப்பவர்களைக் குறிவைத்தே போலி எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ‘ரீஃபண்ட் போட’ ஸ்கிரீன் ஷேர் ஆப் இறக்கச் சொன்னாலோ, யுபிஐ பின் போடச் சொன்னாலோ உடனே போனை வையுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். எண் வேண்டுமென்றால் கடையின் ஆப்பிற்குள்ளிருந்து மட்டும் எடுங்கள்.

அக்காவுக்கு 18ஆம் தேதியும் பணம் வரவில்லை. 19 காலையில் கடையிடம் ஏஆர்என் கேட்டாள், மதியம் கொடுத்தார்கள். அந்த எண், தொகை, ஆகஸ்ட் 6 என்ற தேதி மூன்றையும் நான்கு வரியில் எழுதி வங்கிக்கு அனுப்பினாள். இடையில் அவள் பழைய கார்டை மாற்றிப் புதுக் கார்டு வாங்கியிருந்தாள். வரவு பழைய கார்டு எண்ணுக்கு வந்து, கணக்கில் ஏறாமல் நின்றிருந்தது. 21ஆம் தேதி 1,849 ரூபாய் ஏறியது.