கியூஆரில் காசு வாங்கிறீங்களா? பச்சைச் சரியை நம்பாதேங்கோ

சுன்னாகத்தில எங்கட கடை மேசையில லங்காகியூஆர் அட்டை வச்ச முதல் கிழமை, ஒரு அக்கா 3,450 ரூபாய்க்குச் சாமான் எடுத்தா. ஸ்கான் பண்ணி, பச்சைச் சரி போட்ட திரையைக் காட்டினா. நானும் தலையாட்டி விட்டிட்டன். பிறகு பார்த்தால் வந்தது 345 ரூபாய். அவ ஏமாத்தேல்லை, ஒரு பூச்சியம் விடுபட்டுப் போச்சு. மேசையில ஒட்டுற அட்டையில தொகை இருக்காது, வாறவைதான் அடிக்கவேணும்.

இப்ப நான் சொல்லுறது இப்பிடி: "உங்கட வங்கி ஆப்பைத் திறந்து ஸ்கான் பண்ணுங்கோ. எங்கட கடைப்பேர் வருதோ பாருங்கோ. தொகையை அடிச்சு, அனுப்ப முதல் எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ." கடைப்பேர் வேறயெண்டால் ஆரோ எங்கட அட்டைக்கு மேல தங்கட அட்டையை ஒட்டியிருக்கலாம்.

அனுப்பின பிறகு அவையின்ர ஸ்கிரீன்ஷொட்டை நான் பாக்கிறேல்லை. நேற்று எடுத்ததையும் காட்டலாம்தானே! என்ர போனுக்கு எஸ்எம்எஸ் வரவேணும், இல்லாட்டி வியாபாரி ஆப்பில தொகை விழவேணும். சிக்னல் இழுபட்டால், "காசு கழிஞ்சிருக்கலாம், திரும்ப அனுப்பாதேங்கோ, ரெண்டு நிமிசம் நில்லுங்கோ" எண்டு சொல்லுவன்.

வீட்டிலயிருந்து ஓடர் பண்ணுறவைக்கு கியூஆர் படம் சரிவராது, தன்ர போனில வந்த படத்தைத் தானே ஸ்கான் பண்ணுறது கரைச்சல். அவைக்குத் தொகையும் ஓடர் இலக்கமும் போட்ட, காசு கட்டுற லிங்கை வாட்ஸப்பில அனுப்புங்கோ. கூடவே ஒரு வரி: "ஓடீபியை எனக்கும் சொல்லவேண்டாம்."