ஆறு வயதுப் பிள்ளைக்கு ஓட்டப்பயம்: வீட்டுப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலாம் தவணையில் விளையாட்டுப் போட்டி நெருங்கினால் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் பின்னேரம் பெற்றோர் பயிற்றுநர்களாகிவிடுவார்கள். சாப்பிட்ட உடனே ஓடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது, முதலாம் தரப் பிள்ளைகளை ஓட்டத்துக்கு வரிசைப்படுத்தும்போது வருடாவருடம் பார்க்கிற தவறுகளை.

ஓட்டத்தை மட்டும் பழக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இப்பவும் எரிச்சல்தான். கேற்றிலிருந்து கிணற்றடி வரை தினமும் ஓடவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஓடத் தெரியும்! அது பயப்படுவது கோட்டில் நின்று காத்திருக்கிற அந்தச் சில விநாடிகளுக்கும், திடீரென்று கேட்கிற சத்தத்துக்கும்தான்.

கொக்குவில் பக்கம் ஒரு பிள்ளை வீட்டில் அண்ணாவையே முந்துவாள். மைதானத்தில் வெடி கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவைத் தேடித் திரும்பினாள். மற்றவர்கள் அதற்குள் பாதித் தூரம் போய்விட்டார்கள். தாய் வீட்டுக்குப் போய் இன்னும் அதிகமாக ஓடவிட்டார். அடுத்த ஒத்திகையிலும் அதே கதை.

பிறகு ஓட்டத்தை நிறுத்தி, சத்தத்தை விளையாட்டாக்கினோம். முதலில் தட்டையும் கரண்டியையும் அவள் கையிலேயே கொடுத்தோம்: அவள் தட்ட, அம்மா ஓட வேண்டும். அம்மா பிந்திப் புறப்பட்டால் ஒரே சிரிப்பு. அடுத்து, முற்றத்தின் மறுகோடியில் அவள் பார்க்கும்படி அம்மா தட்டினார். அது பழகியதும் கதவுக்குப் பின்னால் நின்று தட்டினார். “ஆயத்தம்” என்றபின் ஒருமுறை உடனே, இன்னொருமுறை நாலைந்து விநாடி கழித்து. சத்தம் கேட்டால் ஐந்து அடி மட்டும் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பின்னேரத்துக்கு ஐந்தாறு தரம் போதும். “இன்னும் ஒருக்கா” என்று பிள்ளை கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

கை காதுக்குப் போனால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு படி பின்னுக்குப் போங்கள். கண் நேரே முன்னுக்குப் பார்த்து, சத்தத்தோடு கால் எழும்பினால் அடுத்த படிக்குப் போகலாம். பாடசாலையில் விசிலா வெடியா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விசில் என்றால் கடைசி நாட்களில் விசிலிலேயே பழக்குங்கள்.

சீனவெடி கொளுத்திப் பழக்குவது

வேண்டவே வேண்டாம்.

முடிவுக் கோட்டிலேயே நிறுத்துவது

வீட்டில் கோட்டோடு நிற்கப் பழகிய பிள்ளை, மைதானத்தில் கோட்டுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடும். கோட்டைத் தாண்டி மூன்று நான்கு மீற்றரில் ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். அதைத் தொட்டால்தான் ஓட்டம் முடிந்தது.

தினமும் அண்ணாவோடு பந்தயம்

எட்டு வயதுக்காரனிடம் தினமும் தோற்றால் ஓட்டம் என்றாலே தோல்வி என்று பதிந்துவிடும். விட்டுக்கொடுத்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அவனிடம் கரண்டியும் தேசிக்காயும் கொடுங்கள், பிள்ளை சும்மா ஓடட்டும். யார் வெல்வார் என்று உங்களுக்கே தெரியாது.

போட்டியன்று புதுச் சப்பாத்து

ஒரு கிழமைக்கு முன்பே போட்டுப் பழக்குங்கள்.