புள்ளி எந்தப் பக்கம் பார்க்கிறது? நூலின் முதுகெழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டை வடிவமைப்பில் கடைசியாகக் கைவைக்கப்படும் இடம் முதுகு. முன்னட்டை முடிந்து, பின்னட்டைக் குறிப்பும் வந்துவிட்ட பிறகு, நடுவில் இருக்கும் ஒடுங்கிய பட்டையில் தலைப்பைத் திருப்பி வைத்து, நிரலின் ‘மையப்படுத்து’ பொத்தானை அழுத்திவிட்டு அச்சுக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் அலமாரிக்குப் போன பிறகு அந்த நூலில் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பட்டை மட்டும்தான். அங்கே நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளுக்குள் அடங்கும்: எழுத்தை எந்தத் திசையில் திருப்புவது, எதை வைத்து நடுவைக் கணக்கிடுவது.

முதலில் திசை. தமிழ் நூல் இடப்பக்கம் கட்டப்படுவது. முதுகு நம்மைப் பார்க்க நிற்கவைத்தால் முன்னட்டை நமக்கு வலப்பக்கம் இருக்கும். எழுத்தை வலஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பினால் தலைப்பு மேலிருந்து கீழாக ஓடும். எழுத்துகளின் தலை முன்னட்டையை நோக்கும். இதில் ஒரு வசதி உண்டு. முன்னட்டை மேலே தெரியும்படி நூலை மேசையில் கிடத்தினால் முதுகெழுத்து நேராக நிற்கும், அடுக்கிவைத்த குவியலிலும் படிக்கலாம். இடஞ்சுழியாகத் திருப்பினால் தலைப்பு கீழிருந்து மேலாக ஏறும். அதே நூலைக் கிடத்தினால் எழுத்து தலைகீழாகிவிடும். பிரெஞ்சு, ஜெர்மன் நூல்களில் ஏறும் தலைப்பு பழகிப்போன வழக்கம், அங்கே அது தவறில்லை. தமிழில் இரண்டையும் பார்க்க முடிகிறது. எழுத்து இறங்குவதே நல்லது என்பது என் கருத்து. தமிழ் நூலுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் நிற்பது இன்னொரு தமிழ் நூலோ ஆங்கில நூலோதான். ஆங்கில நூல்களின் முதுகெழுத்து இறங்கும் வகை என்பதால், ஒரே பக்கம் தலையைச் சாய்த்தபடி வரிசை முழுவதையும் படித்துவிடலாம்.

திசையை முடிவு செய்த பிறகும் அதைத் தலைகீழாகச் செய்துவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. காரணம், கோணக் குறி எல்லா நிரலிலும் ஒன்றாக இல்லை. இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் நேர்மறைக் கோணம் இடஞ்சுழி. எனவே இறங்கும் எழுத்துக்கு -90 கொடுக்க வேண்டும். வலைப்பக்கத்துக்கான `rotate(90deg)` வலஞ்சுழி. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் மாற்றிப் போட்டுவிடும். கோணத்தை நம்பாமல் புள்ளியைப் பாருங்கள். அட்டையை விரித்துப் போட்டால் இடப்பக்கம் பின்னட்டை, நடுவில் முதுகு, வலப்பக்கம் முன்னட்டை. முதுகிலுள்ள மெய்யெழுத்துகளின் புள்ளிகள் முன்னட்டைப் பக்கம் இருந்தால் எழுத்து இறங்குகிறது என்று பொருள், பின்னட்டைப் பக்கம் இருந்தால் ஏறுகிறது. எந்த நிரலில் செய்திருந்தாலும் இந்தச் சோதனை பொய்க்காது.

தலைப்பை இரண்டு வரியாக உடைத்தால், இறங்கும் எழுத்தில் முதல் வரி வலப்பக்கம் வர வேண்டும். ஒவ்வொரு வரியையும் தனிப் பெட்டியாகத் திருப்பி, பிறகு கையால் நகர்த்தி வைப்பவர்கள் இடமிருந்து வலம் என்ற பழக்கத்தில் முதல் வரியை இடப்பக்கம் வைத்துவிடுவார்கள். தலையைச் சாய்த்துப் படிக்கும்போதுதான் இரண்டாம் வரி முதலில் வருவது தெரியும். இரண்டு வரியையும் ஒரே பெட்டியில் தட்டி, மொத்தமாகத் திருப்பினால் இந்தக் குழப்பமே வராது.

திருப்பவே வேண்டாம், எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடலாம் என்ற யோசனையும் எழுவதுண்டு. தமிழுக்கு அது பொருந்தாது. ‘ப’ ஒடுங்கியது, ‘ணை’, ‘கொ’ போன்றவை இரண்டு மூன்று மடங்கு அகலம். மிக அகலமான எழுத்து முதுகுக்குள் அடங்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சிறிதாக்க வேண்டிவரும். போதாக்குறைக்குச் சில நிரல்களின் செங்குத்து எழுத்துக் கருவி கொம்பையும் காலையும் தனித்தனி வரியாகப் பிய்த்துவிடும்.

அடுத்தது மையம். பெரும்பாலான நூல்கள் சறுக்கும் இடம் இது.

நடுவைக் கண்டுபிடிக்க முதுகின் அகலம் சரியாகத் தெரிய வேண்டும். 240 பக்க நூல் என்றால் தாள்கள் 120. ஒரு தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் உள்பக்கங்கள் 12 மி.மீ.; அட்டை 0.3 மி.மீ. என்றால் இரு பக்கமும் சேர்த்து 0.6, ஆக முதுகு 12.6 மி.மீ. தடிமனைக் கிராம் எடையிலிருந்து ஊகிக்கக் கூடாது. ஒரே எடையுள்ள இரண்டு தாள்களில் ஒன்று பொதுபொதுவென்றும் இன்னொன்று வழுவழுப்பாக இறுகியும் இருந்தால் தடிமன் வேறுபடும். அச்சாகப் போகும் அதே தாளை அச்சகத்தில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் 16 பக்கம் கூடினால் முதுகு 0.8 மி.மீ. வளரும். அப்போது முதுகெழுத்தைப் பின்னட்டை விளிம்பிலிருந்து அளந்து வைத்திருந்தால் அது நடுவை விட்டு விலகிவிடும். இரு அட்டைகளும் மடிப்புகளும் சம அளவில் இருந்தால் விரித்த அட்டையின் நடுக்கோடே முதுகின் நடுக்கோடு. அதிலிருந்து அளந்து வைப்பதே பாதுகாப்பு.

நடுக்கோடு கிடைத்துவிட்டது. எழுத்தின் எந்த இடத்தை அதன்மேல் வைப்பது? தமிழ் எழுத்துக்கு மூன்று அடுக்குகள் உண்டு. ‘ப’, ‘ட’, ‘ம’ போன்றவை நிற்கும் நடு அடுக்கை உடல் என்போம். அதற்கு மேலே புள்ளியும் மேல்விலங்கும்; கீழே ‘கு’, ‘ரு’ போன்றவற்றின் விலங்கும் ‘த’, ‘ழ’ போன்றவற்றின் வாலும். கண் வரியாகப் பிடிப்பது உடலைத்தான். புள்ளி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அதற்கு எடை குறைவு.

நிரலுக்கு இது தெரியாது. எழுத்தை எழுத்தாகவே வைத்து மையப்படுத்தினால், எழுத்துருவை உருவாக்கியவர் மேலும் கீழும் ஒதுக்கிய வெற்றிடத்தையும் சேர்த்தே அது நடுவைக் கணக்கிடுகிறது. அதனால்தான் எழுத்துருவை மாற்றியதும் தலைப்பு ஒரு பக்கம் நகர்ந்துவிடுகிறது. இதற்குப் பரிகாரமாக எழுத்தை வரைகோடாக மாற்றி மையப்படுத்துவார்கள். அப்போது நிரல் கணக்கிடுவது மையின் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடு. இது பார்க்கத் துல்லியமாகத் தோன்றும், ஆனால் தமிழுக்கு இதிலும் பிழை உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. 12.6 மி.மீ. முதுகில் தலைப்பு ‘வானம்’, 20 பாயின்ட் அளவில். உடலின் உயரம் 4 மி.மீ., ‘ம்’மின் புள்ளி உடலுக்கு மேல் 1.4 மி.மீ. வரை எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே எதுவும் இறங்கவில்லை. மையின் மொத்த உயரம் 5.4, அதன் நடு உச்சியிலிருந்து 2.7. உடலின் நடுவோ உச்சியிலிருந்து 3.4. வரைகோட்டை மையப்படுத்தினால் உடல் 0.7 மி.மீ. பின்னட்டைப் பக்கம் தள்ளப்படும். அந்த ஒரே ஒரு புள்ளிக்காக ‘வான’ முழுவதும் இடம்பெயர்கிறது. இதே முதுகில் ஆசிரியர் பெயர் ‘குரு’, 14 பாயின்ட் அளவில். மேலே எதுவும் இல்லை. கீழே இரண்டு விலங்குகள் 1.1 மி.மீ. இறங்குகின்றன. தனியாக மையப்படுத்தினால் அதன் உடல் ஏறக்குறைய 0.55 மி.மீ. முன்னட்டைப் பக்கம் போகும். இரண்டுக்கும் இடையே 1.25 மி.மீ. விலகல். தலைப்பு ஒரு தடத்திலும் பெயர் இன்னொரு தடத்திலும் ஓடும். வாசகருக்குக் காரணம் புலப்படாது, ஏதோ கோணல் என்று மட்டும் தோன்றும்.

திருத்தம் எளிது. திருப்புவதற்கு முன்பே, முதுகு அகலத்துக்கு ஒரு பட்டையைக் கிடையாக வரைந்துகொள்ளுங்கள். தலைப்பின் முன்னால் அதே அளவில் ஒரு ‘ப’ தட்டி, எல்லாவற்றையும் வரைகோடாக்குங்கள். ‘ப’வின் உயரத்தின் நடு பட்டையின் நடுக்கோட்டில் விழும்படி முழு வரியையும் நகர்த்திவிட்டு ‘ப’வை அழித்துவிடுங்கள். ஆசிரியர் பெயருக்கும் பதிப்பகப் பெயருக்கும் அவற்றின் அளவில் இதையே செய்யுங்கள். அளவு வேறுபடும்போது அடிக்கோடுகள் ஒன்றாக நிற்காது, நிற்கவும் வேண்டாம். உடல்களின் நடு ஒன்றாக இருந்தால் போதும். பிறகு மூன்றையும் ஒன்றாகக் கட்டித் திருப்புங்கள்.

இதற்குப் பிறகும் கண்ணுக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும். ‘குருத்து’ போலக் கீழ்விலங்கும் வாலும் நிறைந்த தலைப்பில் கீழ் அடுக்கு கனத்து, எழுத்து பின்னட்டைப் பக்கம் சரிவதுபோலத் தோன்றலாம். அப்போது முன்னட்டைப் பக்கம் சிறிது நகர்த்தலாம். வால் இறங்கும் அளவில் கால்பங்குக்கு மேல் வேண்டாம். பல தொகுதிகள் கொண்ட நூலாக இருந்தால் இந்தச் சிறு நகர்த்தலையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியாகச் சீராக்கினால், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும்போது மடிப்பு விலகலையும் கணக்கில் கொள்ள வேண்டும். அட்டை ஒட்டும்போது ஒரு மி.மீ. அங்கோ இங்கோ போவது இயல்பு. 12.6 மி.மீ. முதுகில் இரு ஓரமும் 2 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 8.6. மேல்விலங்கும் கீழ்விலங்கும் சேர்ந்த முழு உயரமும் அதற்குள் அடங்க வேண்டும். உடலின் உயரத்தை மட்டும் பார்த்து அளவைக் கூட்டினால் புள்ளிகள் முன்னட்டை விளிம்பில் ஏறிவிடும். முதுகுக்குத் தனி நிறம் கொடுத்து மடிப்புக்கோட்டிலேயே வெட்டியதுபோல் முடித்தால் இந்த விலகல் பளிச்சென்று தெரியும். அட்டையின் நிறத்தையே முதுகிலும் ஓடவிட்டால் மறைந்துவிடும். 5 மி.மீ.க்குக் குறைந்த முதுகில் எழுத்தே வேண்டாம்.

நீளவாக்கில் சொல்ல அதிகமில்லை. நூலகங்களில் அழைப்பெண் சீட்டு பொதுவாக முதுகின் அடியில் ஒட்டப்படுகிறது. தொகுதி எண்ணை அங்கே வைத்தால் அதுதான் முதலில் மறையும். தலைப்புக்கு அருகிலேயே வைத்துவிடுங்கள். அடியில் பதிப்பகச் சின்னம் இருந்தால் பாதகமில்லை.

திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அசல் அளவில் ஒரு தாளில் அச்செடுத்து, ஏறக்குறைய அதே தடிமனுள்ள நூலுக்குச் சுற்றி, மற்ற நூல்களுக்கு நடுவே நிறுத்துங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, எழுத்தைப் படிக்காமல் அதன் இருபுறமும் உள்ள வெற்றுப் பட்டைகளை மட்டும் ஒப்பிடுங்கள். பிறகு நூலைத் தலைகீழாக நிறுத்தி இன்னொரு முறை பாருங்கள். இரு நிலையிலும் ஒரே பட்டை, அதாவது முன்னட்டைப் பக்கத்ததோ பின்னட்டைப் பக்கத்ததோ, ஒடுங்கித் தெரிந்தால் எழுத்து அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. நேராக நிறுத்தியபோது மட்டும் தோன்றிய கோணல் என்றால் அது வெளிச்சத்தாலோ பக்கத்து நூலாலோ வந்திருக்கலாம். அதற்காக எழுத்தை நகர்த்த வேண்டாம்.