M சரியாக இருந்தது, XL கை இழுத்தது: கணினி பேட்டர்னில் நடக்கும் தவறுகள்

ஒரு டாப்பின் M சைஸ் சாம்பிள் கச்சிதமாக வந்தது. அதே கோப்பிலிருந்து வெட்டிய XL தைத்து வந்தபோது, டெய்லர் அதை என் மேஜையில் போட்டுவிட்டு, "கை சரியா உட்காரலை, தோள்கிட்ட இழுக்குது" என்றார். S சைஸில் நேர்மாறு. கையின் மேல் வளைவில் துணி மிஞ்சி, குட்டிக் குட்டிச் சுருக்கங்கள். எங்கே பிழை என்று பின்னோக்கித் தேடிப் போனதில் மூன்று இடங்களில் கோளாறு இருந்தது. மூன்றுமே அடிக்கடி நடப்பவை.

முதலில் டிஜிடைசிங். காகித பேட்டர்னை டிஜிடைசர் பலகையில் ஒட்டிப் புள்ளி வைக்கும்போது, வளைவு துல்லியமாக வரவேண்டும் என்று சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைப்பார்கள். பலன் தலைகீழாகத்தான் இருக்கும். கை ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் அசையும், அந்த அசைவெல்லாம் வளைவில் மேடுபள்ளமாகப் பதியும். கைக்குழிக்கு ஐந்து முதல் ஏழு வளைவுப் புள்ளிகள் போதும். வளைவு இறுகும் அக்குள் பக்கத்தில் நெருக்கமாகவும், தோளை நோக்கி நேராகப் போகும் பகுதியில் தள்ளித் தள்ளியும் வைக்க வேண்டும்.

இன்னொன்று, புள்ளியின் வகை. வளைவுப் புள்ளியை, சைஸுக்கு சைஸ் நகர வேண்டிய கிரேடு புள்ளியாகப் பதிந்துவிட்டு, எவ்வளவு நகர வேண்டும் என்ற ரூலை அதற்குக் கொடுக்க மறந்தால் அது 0,0 என்று நின்றுவிடும். தோள் நுனியும் அக்குள் முனையும் ஒவ்வொரு சைஸுக்கும் நகர, நடுவில் இது மட்டும் ஆணி அடித்தது போல அசையாது. எல்லா சைஸ்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் நெஸ்ட் காட்சியில் இது உடனே தெரியும்: கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முடிச்சுப் போட்டது போல் கூடி, அப்புறம் விரியும். நெஸ்டில் கோடுகள் சீரான இடைவெளியில் ஓடுகின்றனவா என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

துணியின் நெடுக்கு இழை எந்தத் திசையில் போகும் என்று காட்டும் கிரெய்ன் லைனையும் இதே கட்டத்தில் சரிபார்க்க வேண்டும். கிரேடிங் ரூலின் எக்ஸ், ஒய் திசைகளுக்கு அதுதான் அடிப்படை. துண்டு 90 டிகிரி திரும்பிப் பதிவாகியிருந்தால் மார்பில் கூட வேண்டிய அளவு நீளத்தில் கூடும். அதுவும் நெஸ்டில் தெரிந்துவிடும் என்பதால் பெரிய ஆபத்து இல்லை.

இரண்டாவது, தையல் கோட்டுக்கு வெளியே ஓரத்தில் விடும் துணி, அதாவது சீம் அலவன்ஸ். எனக்குத் தெரிந்து அதிகப் பணத்தைத் தின்பது இதுதான். காகித பேட்டர்னில் 1 செ.மீ. அலவன்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதன் ஓரத்தை அப்படியே டிஜிடைஸ் செய்துவிட்டு, மென்பொருளில் மறுபடியும் 1 செ.மீ. சேர்ப்பார்கள். முன்துண்டுக்கு இரண்டு பக்கம், பின்துண்டுக்கு இரண்டு பக்கம், ஆக நான்கு ஓரம். தையல்காரர் வழக்கம்போல 1 செ.மீ. விட்டுத் தைப்பார். மார்புச் சுற்றளவு 4 செ.மீ. கூடிவிடும். சைஸுக்கு 4 செ.மீ. என்று கிரேடு செய்யும் மாடலில் அது சரியாக ஒரு சைஸ்! M என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது L-இன் மார்பு. துணி பார்க்க நன்றாகவே இருக்கும் என்பதால் டேப் வைத்து அளக்கும்வரை யாருக்கும் சந்தேகம் வராது.

எனவே பலகையில் ஒட்டும் முன்பே ஒவ்வொரு ஓரத்திலும் எவ்வளவு அலவன்ஸ் இருக்கிறது என்று பேட்டர்ன்மேலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். கழுத்தில் 0.6, பக்கத்தில் 1, அடி மடிப்பில் 2.5 என்று ஓரத்துக்கு ஓரம் மாறும். வெளியிலிருந்து DXF கோப்பு வந்தாலும் இதே கேள்விதான். AAMA வகை DXF-இல் 1ஆம் லேயர் துண்டின் வெளிக்கோடு, 14ஆம் லேயர் தையல் கோடு. 14 காலியாக இருந்தால், வெளிக்கோடு எதைக் குறிக்கிறது என்று அனுப்பியவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்கள் டாப்பில் இரட்டை அலவன்ஸ் இல்லை. ஆனால் தையல் கோடே பதிவாகவில்லை, வெட்டுக்கோடு மட்டும்தான். சரி, அதனால் என்ன என்று தோன்றும். கைக்குழி உள்நோக்கிக் குழிந்த வளைவு. அலவன்ஸ் அந்தக் குழிக்குள் நீள்வதால் வெட்டுக்கோடு தையல் கோட்டைவிடக் குட்டை. கையின் மேல் வளைவு வெளியே புடைத்தது. அங்கே வெட்டுக்கோடுதான் நீளம். கோடு கால் வட்டம் வளையும் இடத்தில் 1 செ.மீ. அலவன்ஸ் நீளத்தை ஏறக்குறைய 1.57 செ.மீ. மாற்றிவிடும். ஒன்று குறைந்து மற்றது கூடினால், வெட்டுக்கோட்டை அளப்பவருக்குக் கைத் துணி தாராளமாக இருப்பதாகவே தெரியும். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. XL-இல் கை இழுக்கும் என்று திரையில் ஒரு அறிகுறியும் இல்லை.

ஆகவே அலவன்ஸை முதலில் கழித்து, தையல் கோட்டை அடிப்படையாக வைத்தோம். அதை அளந்த பிறகுதான் மூன்றாவது தவறு வெளியே வந்தது.

M-இல் முன்னும் பின்னும் சேர்ந்து கைக்குழி 44.0 செ.மீ., கையின் மேல் வளைவு 45.5. வித்தியாசம் 1.5. இந்த ஈஸ் வேண்டுமென்றே வைப்பது. தோள்மேல் துணி உருண்டு உட்கார அது தேவை. கிரேடிங்கில் கைக்குழி சைஸுக்கு 2.2 கூடியது, கை வளைவோ 1.6 மட்டுமே கூடியது. L-இல் 46.2-க்கு 47.1, ஈஸ் 0.9. XL-இல் 48.4-க்கு 48.7, வெறும் 0.3. கீழே இறங்கினால் S-இல் 41.8-க்கு 43.9, ஈஸ் 2.1. இழுத்ததற்கும் சுருங்கியதற்கும் ஒரே காரணம்தான்.

ஏன் 2.2? உடலின் கிரேடு ரூல்கள் பழைய, தொளதொளப்பான ஒரு மாடலிலிருந்து காப்பி செய்யப்பட்டவை. அதில் கைக்குழி ஆழம் சைஸுக்கு 0.9 இறங்கும். இந்த மாடலுக்கு 0.6 போதும். முன்னும் பின்னும் தலா 0.3 அதிகம், மொத்தம் சுமார் 0.6. கை மட்டும் சரியான ரூலில் இருந்தது. ரூல் டேபிளை இன்னொரு மாடலுக்கு எடுப்பதில் தவறில்லை. உடலுக்கு ஓரிடத்திலிருந்தும் கைக்கு இன்னோரிடத்திலிருந்தும் எடுத்துவிட்டு, இரண்டும் சேருமா என்று பார்க்காமல் விட்டதுதான் தவறு.

ஆழத்தை 0.6 ஆக்கியதும் நீளங்கள் நெருங்கிவிட்டன, ஆனால் வேலை முடியவில்லை. மொத்த நீளம் பொருந்தினாலும், இரண்டு துண்டுகளும் எங்கே சேர வேண்டும் என்று ஓரத்தில் இடும் அடையாளமான நாட்ச் பொருந்தாமல் போகலாம். அக்குளிலிருந்து முன் நாட்ச் வரை உடலில் ஒரு தூரம், கையில் வேறு தூரம் என்றால் கை முன்னோ பின்னோ முறுக்கிக்கொள்ளும். அதற்குத்தான் வாக்கிங்: கைத் துண்டை உடல் துண்டின் தையல் கோட்டின்மேல் உருட்டிக்கொண்டே போய், நாட்ச் எதிரெதிரே வருகிறதா என்று பார்ப்பது. பலர் இதை பேஸ் சைஸில் மட்டும் செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். M-இல் எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அது கிரேடு ஆகாத சைஸ். கடைக்கோடி இரண்டு சைஸ்களிலும் நடத்திப் பாருங்கள். அடுத்த சுற்றில் நாங்கள் M-ஐத் தைக்கவே இல்லை. S-உம் XL-உம் மட்டும் வெட்டினோம்.