பாடப் பதிவுப் பக்கம் பிழை காட்டினால் பரிமாற்ற அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது?

பரிமாற்ற மாணவராக வந்தவர்களுக்குப் பாடம் பதிவுசெய்யும்போது அடிக்கடி வரும் தடை `Prerequisite not met` என்பதுதான். அந்தப் பாடத்துக்கு முன் படித்திருக்க வேண்டியதை நீங்கள் படிக்கவில்லை என்கிறது கணினி. ஊரில் படித்துத் தேறியிருப்பீர்கள். ஆனால் உங்கள் பழைய மதிப்பெண்கள் இங்குள்ள பதிவேட்டில் பெரும்பாலும் ஏற்றப்பட்டிருக்காது. கணினிக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பதிவேடு மட்டுமே. எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் இது மாறாது. துறையோ அலுவலகமோ உங்கள் பெயருக்கு விலக்கு அளிக்க வேண்டும்.

பக்கம் வெள்ளையாக நின்றாலோ, `500` என்று காட்டினாலோ விஷயம் வேறு. அது இணையதளக் கோளாறு. வெளியேறி, வேறு உலாவியில் மறுபடி நுழைந்து பாருங்கள். அப்போதும் வந்தால் கணினி உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பிழை வரியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். அதைப் பார்ப்பவருக்கு எந்தப் பருவம், எந்தப் பாடம் என்று எதுவும் புரியாது. முழுத் திரையும் வேண்டும்: மேலே முகவரி, நடுவில் தேர்ந்தெடுத்த பருவமும் பாடமும், ஓரத்தில் கடிகாரம். பதிவு முடியும் நாள் நெருங்கியிருந்தால், நீங்கள் நேரத்துக்குள் முயன்றதற்கு அந்தக் கடிகாரமே சாட்சி. பருவம் தவறாகத் தேர்வாகியிருந்தாலும் அனுப்புமுன் அங்கேயே கண்ணில் பட்டுவிடும். திரையில் திறந்திருக்கும் மற்ற மின்னஞ்சல்களை மூடிவிட்டு எடுங்கள்.

படம் போதும் என்று நினைக்க வேண்டாம். படத்தில் உள்ள எழுத்தை நகலெடுத்துத் தேடுவது அலுவலருக்குச் சிரமம். பிழை வரியையும் பாடக் குறியீட்டையும் கடிதத்தில் அப்படியே தட்டச்சு செய்யுங்கள். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"வணக்கம். நான் இந்தப் பருவத்துக்கு வந்த பரிமாற்ற மாணவர். என் மாணவர் எண் இது. ECON 310, பிரிவு 02-ஐ இன்று காலை 10.15 மணிக்குச் சேர்க்க முயன்றபோது 'Prerequisite not met' என்று வந்தது. கேட்கப்படும் முன்பாடத்துக்கு இணையானதை என் பல்கலைக்கழகத்தில் முடித்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் இணைத்துள்ளேன். விலக்கு தர இயலுமா? இல்லையெனில் துறையில் யாரை அணுக வேண்டும்? பதிவு வெள்ளிக்கிழமை முடிகிறது."

அலுவலகம் பயன்படுத்தும் மொழியில் எழுதி, பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். பொருள் வரியில் மாணவர் எண்ணும் பாடக் குறியீடும் இருக்கட்டும். கடவுச்சொல்லை யார் கேட்டாலும் தராதீர்கள். இன்னொன்று, பாடத்திட்டம் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள். பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து 'இணையானது' என்று துறை ஒப்புக்கொள்வது அரிது.

'விலக்கு அளித்துவிட்டோம்' என்று பதில் வந்ததும் பாடம் கிடைத்துவிட்டதாக எண்ணி இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பல இடங்களில் விலக்கு என்பது தடையை எடுப்பது மட்டும்தான். இடம் நிரம்புவதற்குள் நீங்களே மறுபடி உள்ளே போய்ப் பாடத்தைச் சேர்த்து, அது உங்கள் கால அட்டவணையில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.