கிப்பு கட்டிப் படிப்பது எப்படி? இன்கா கயிற்றுக் கணக்கு, ஆரம்பத்திலிருந்து

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் பேரரசு நடத்திய இன்காக்கள், மக்கள்தொகையையும் வரியையும் கிடங்கு இருப்பையும் கயிற்றில் முடிச்சாகப் போட்டு வைத்தார்கள். அந்தக் கயிறுதான் கிப்பு. அதைப் புரிந்துகொள்ள நாமே ஒன்று கட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

கயிறு: 2 அல்லது 3 மி.மீ. பருத்திக் கயிறு வாங்குங்கள். நைலான் வேண்டவே வேண்டாம், முடிச்சு வழுக்கிக்கொண்டு போய்விடும். அசல் கிப்புகளும் பெரும்பாலும் பருத்திதான். சிலவற்றில் லாமா, அல்பாகா ரோமமும் உண்டு.

ஒரு தடித்த கயிற்றைக் குறுக்காகக் கட்டுங்கள். இது தலைக்கயிறு. அதிலிருந்து அரை மீட்டர் நீளத்தில் மூன்று கயிறுகளைத் தொங்கவிடுங்கள். 132, 41, 205 என்ற மூன்று எண்களைப் போடப் போகிறோம்.

தலைக்கயிற்றுக்கு அருகில் நூறுகள், நடுவில் பத்துகள், நுனிப் பக்கம் ஒன்றுகள். நூறு, பத்து இடங்களில் சாதாரண ஒற்றை முடிச்சுதான். 132க்கு நூறின் இடத்தில் ஒன்று, கொஞ்சம் இடைவெளி விட்டு, பத்தின் இடத்தில் நெருக்கமாக மூன்று. 205இல் பத்துகள் இல்லை, அதனால் அந்த இடம் வெறும் கயிறு. அதுதான் பூஜ்யம்.

சிக்கல் ஒன்றின் இடத்தில்தான். அங்கே 2 முதல் 9 வரை நீள முடிச்சு போட வேண்டும். வளையம் போட்டு, நுனியை அதற்குள் ஒரு தடவை விட்டால் அது ஒற்றை முடிச்சு. இரண்டு தடவை சுற்றி விட்டால் 2, ஐந்து தடவை என்றால் 5. வெடுக்கென்று இழுத்தால் சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கட்டியாகிவிடும், பிறகு எண்ணவே முடியாது. இரு பக்கமும் மெதுவாக இழுத்துக்கொண்டே, கட்டைவிரலால் சுற்றுகளை வரிசையாக உருட்டி உட்கார வையுங்கள்.

சரி, 41இன் கடைசி 1? ஒரே சுற்றுள்ள நீள முடிச்சும் ஒற்றை முடிச்சும் ஒன்றுதான். அதைப் போட்டால் பத்து என்று படித்துவிடுவார்கள். அதனால் அங்கே மட்டும் எட்டு வடிவ முடிச்சு. நுனியை நேரே வளையத்துக்குள் விடாமல், மேலிருந்து வரும் கயிற்றை ஒரு சுற்று சுற்றி, அப்புறம் உள்ளே விடுங்கள். ஒன்றின் இடத்துக்குத் தனி முடிச்சு இருப்பதில் இன்னொரு வசதி: எண் எங்கே முடிகிறது என்று பார்த்ததும் தெரியும். ஒரே கயிற்றில் இரண்டு எண்கள்கூடப் போடலாம்.

இப்போது தலைக்கயிற்றின் மேல் பக்கமாக இன்னொரு கயிறு கட்டி அதில் கூட்டுத்தொகை 378ஐப் போடுங்கள். அமெரிக்க ஆய்வாளர் லேலண்ட் லாக் 1912இல் இந்தப் பத்தடிமான முறையை விளக்கினார். நம்முடைய வாசிப்பு சரிதான் என்பதற்குப் பெரிய ஆதாரமே, பல கிப்புகளில் இப்படி மேல்கயிறு கீழ்க்கயிறுகளின் கூட்டலாக இருப்பதுதான்.

எண் தெரிகிறது, எதன் எண் என்று தெரிவதில்லை. லிமாவுக்கு அருகே புருச்சுக்கோவில் 1956இல் இருபத்தொரு கிப்புகள் சேர்ந்து கிடைத்தன. ஆய்வாளர்கள் கேரி அர்ட்டனும் கேரி பிரெசினும் 2005இல் அவற்றில் ஏழு கிப்புகளை ஒப்பிட்டு, ஒன்றில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை அடுத்ததில் ஏறுவதைக் காட்டினார்கள். உள்ளூர்க் கணக்கு மேலதிகாரிக்குப் போகும் வழி அது என்பது அவர்கள் கருத்து. சிலவற்றின் தொடக்கத்தில் வரும் மூன்று எட்டு வடிவ முடிச்சுகள் புருச்சுக்கோ என்ற ஊரைக் குறிக்கலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது, ஆனால் ஓர் ஊரை வைத்து மட்டும் அதை உறுதிசெய்ய முடியாது.

மூன்றில் ஒரு பங்கு கிப்புகளோ இந்த எண் விதிக்கே அடங்குவதில்லை. அவை கதையோ கடிதமோ சொல்லக்கூடும். பெருவின் கொயாட்டா கிராமத்தில் பாதுகாக்கப்பட்ட இரண்டை, அவை கடிதங்கள் என்று ஊரார் சொன்னதை வைத்து மானிடவியலாளர் சபைன் ஹைலண்ட் ஆராய்ந்தார். நிறம், எந்த விலங்கின் ரோமம், முறுக்கின் திசை ஆகியவற்றைச் சேர்த்தால் 95 வெவ்வேறு குறிகள் இருப்பதாக 2017இல் எழுதினார். ஆனால் அவை இன்கா ஆட்சி போய் இரண்டு நூற்றாண்டுக்குப் பிந்தையவை; இன்கா காலத்துக் கிப்புகளுக்கும் இது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

பின்சேர்க்கை: ஒரு கயிற்றில் இரண்டு ஒற்றை முடிச்சு மட்டும் இருந்தால் அது 20ஆ, 200ஆ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தனிக் கயிற்றில் சொல்ல முடியாது. பக்கத்துக் கயிறுகளில் நீள முடிச்சுகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். அதற்கு அடுத்த மேல் வரிசையில் இருந்தால் 20, அதற்கும் மேலே என்றால் 200. அதனால்தான் கட்டும்போதே எல்லாக் கயிற்றிலும் பத்துகளை ஒரே மட்டத்தில் வையுங்கள். தொடங்கும் முன் கயிறுகளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் வேலை சுலபம்.